‘வா’வா, ‘வாங்க’வா: எங்கே எதைச் சொல்வது?

போன வருடம் எங்கள் அலுவலகத்தில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார், கல்லூரி விடுதியில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன். இந்த ஒரு வாக்கியத்திலேயே சிக்கல் தெரிகிறது பாருங்கள், ‘சேர்ந்தார்’ என்று ஆரம்பித்து ‘கிடந்தவன்’ என்று முடிக்க வேண்டியதாகிவிட்டது. அவர் என் குழுவில் ஒருவர், நான் அந்தக் குழுவுக்குப் பொறுப்பு. அவனோ என் சட்டையைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போனவன்.

முதல் நாள் கூட்டத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, “வாங்க, உட்காருங்க, எல்லாருக்கும் உங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க” என்றேன். எனக்குப் பேய் பிடித்த மாதிரி என்னைப் பார்த்தான். சாயங்காலம் டீக்கடையில் முதல் கேள்வியே, “ஏம்ல, என்னையப் போயி வாங்கன்னு சொல்லுத? கோவமா?” நாங்கள் இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கம், வேலை பார்ப்பது கோயம்புத்தூரில். அதுவும் இந்தக் கதையில் ஒரு முக்கியமான சங்கதி, பின்னால் வருகிறேன்.

இதைத் தீர்த்துக்கொள்ள எங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாதம் ஆனது. அந்த யோசனையில்தான் நான் யாரிடம் எப்படிப் பேசுகிறேன் என்பதை முதல்முறையாகக் கவனித்தேன்.

ஆங்கிலத்தில் எல்லோரும் ‘யூ’தான், அதனால் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் ‘நீ’, ‘நீங்க’ இரண்டையும் விழுங்கிவிட்டுப் பேசினாலும் வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். ‘வர்றியா’, ‘வர்றீங்களா’, இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நன்றாகத் தமிழில் பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு புது ஆளைப் பார்த்ததும் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுவதில் பாதி, பந்தா இல்லை, இந்த வாலைக் கண்டு பயந்துதான் என்பது என் சந்தேகம்.

அப்புறம், முடிவு செய்ய வேண்டியது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கூப்பிடும் சொல்: சார், மேடம், அண்ணா, அக்கா, பெயர், ப்ரோ, டேய். இன்னொன்று வினையின் வால்: வா, வாங்க. நாம் பெரும்பாலும் முதலாவதைப் பற்றியே கவலைப்படுகிறோம், ஆனால் மரியாதை உட்கார்ந்திருப்பது இரண்டாவதில். ‘வாங்கம்மா’, ‘வாம்மா’ இரண்டிலும் இருப்பது அதே அம்மாதான். முதலாவது வீட்டுக்கு வந்த பெரியவரை, இரண்டாவது மகளை, அல்லது மகள் வயது என்று நாம் நினைத்துக்கொண்ட ஒருவரை. ப்ரோவும் அப்படித்தான். ‘ப்ரோ, கொஞ்சம் தள்ளுங்க’ என்று பேருந்தில் சொன்னால் ஆள் நகர்ந்துகொள்வார், ‘ப்ரோ, தள்ளு’ என்றால் திரும்பி முறைப்பார். ப்ரோ இருபக்கமும் சாயும் சொல், வால்தான் அதை ஒரு பக்கம் நிறுத்துகிறது.

இந்த வால் விஷயத்தில் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றல்ல. பழகியவர்களுக்குள் நீங்கவிலிருந்து ‘நீ’க்கு இறங்கினால் அது நெருக்கம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. நீயிலிருந்து நீங்கவுக்கு ஏறினால் அது சண்டை. இத்தனை நாள் டா போட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று “சரிங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றால் ஏதோ முறிந்துவிட்டது என்று புரிந்துகொள்கிறோம். என் நண்பன் டீக்கடையில் கோவமா என்று கேட்டதும் அதனால்தான். ஆக, தெரியாத இடத்தில் நீங்கவில் ஆரம்பிப்பதற்குக் காரணம் வெறும் பணிவு இல்லை, அங்கேயே நிற்கலாம், பிறகு இறங்கவும் வழி இருக்கிறது, நீயில் ஆரம்பித்தால் திரும்ப வழி இல்லை. பத்திரிகைகளில் ‘ஒருமையில் பேசியதால் வாக்குவாதம்’ என்று அடிக்கடி பார்த்திருப்பீர்கள். இலக்கண வகுப்பில் ஒருமை பன்மை என்று படித்த சொல் வசவுக்கு இன்னொரு பெயராகிவிட்டது. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் உயர்வு கருதி வந்தது, இலக்கண முறைப்படி அது சரியல்ல என்று தொல்காப்பியமே சொல்லி வைத்திருக்கிறது, ஆனால் தெருவில் அதைச் சொல்லி யாரும் தப்பிக்க முடியாது.

சரி, அலுவலகம். நான் பார்த்த வரையில் மூன்று வழிகள்: சார்-மேடம் போட்டு நீங்க, பெயர் சொல்லி நீங்க, பெயரோ டாவோ போட்டு நீ.

சார் போடுவதில் ஆபத்தே இல்லை, அதுதான் அதன் பலம். அரசு அலுவலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். என் முதல் வேலையில் எல்லோரும் எல்லோருக்கும் சார்தான், நேற்றுச் சேர்ந்த பையனும் சார், முதலாளியும் சார். அதில் ஒரு வசதி இருந்தது. எல்லோரும் சார் ஆகிவிட்டால் யாருமே சார் இல்லை. மேலே இருப்பவர் மட்டும் சார், மற்றவர்கள் பெயர் என்றிருக்கும் இடத்தில்தான் நாக்கு இழுக்கும். ‘சார், நீங்க போட்ட கணக்கு தப்பு’ என்பதைவிட ‘சார், ஒரு சின்ன சந்தேகம்’ என்றுதான் வாயில் வரும், அந்தச் சின்ன சந்தேகத்தை அவர் காதில் வாங்குவதற்குள் தப்பான கணக்கு வாடிக்கையாளரிடம் போயிருக்கும்.

நான் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வழி. பெயர் சொன்னால் ஆள் தூரத்தில் நிற்கவில்லை, நீங்க சொன்னால் தோளில் கை போடவும் இல்லை. ஒரே குறை, வயது. ஐம்பத்தைந்து வயதுக்காரரை வெறும் பெயர் சொல்லி அழைப்பது தமிழில் வாயில் வருவதில்லை, கொள்கை என்ன சொன்னாலும் சரி. அங்கே பெயரோடு சாரையோ அண்ணாவையோ ஒட்டிவிடுகிறேன். எங்கள் பட்டறைப் பிரிவில் முப்பது வருடமாக லேத் ஓட்டும் ஒருவருக்கு நான்தான் கையெழுத்துப் போட வேண்டியவன், அவர் எனக்கு ‘சார்’ என்பார், நான் அவருக்கு ‘அண்ணா, வாங்க’ என்பேன். பதவியும் வயதும் எதிரெதிராக இழுக்கும்போது கூப்பிடும் சொல் எதுவாக இருந்தாலும் வால் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும், அதற்கு மேல் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அண்ணா, அக்கா பற்றி ஒரு எச்சரிக்கை. குழுவுக்குத் தலைமை ஆண் என்றால் ‘சார்’, அதே வேலையில் பெண் என்றால் ‘அக்கா’ என்று பல இடங்களில் பழகிப்போயிருக்கிறது. அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் சார் சொன்ன தேதிக்கு வேலை முடிந்துவிடும், அக்கா சொன்ன தேதிக்கு ‘அக்கா, ப்ளீஸ்க்கா, இன்னும் ரெண்டு நாள்’ என்று வந்து நிற்பார்கள். அண்ணன் ஆணையிடலாம், அக்கா விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிற வீட்டு வழக்கம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே உள்ளே வந்துவிடுகிறது. ஒருவரைப் பெயர் சொன்னால் மற்றவரையும் பெயர், ஒருவர் சார் என்றால் மற்றவர் மேடம்.

மூன்றாவது வழியான நீயும் டாவும் சின்னக் கம்பெனிகளில் இயல்பாக வந்துவிடும். ஐந்து பேர், ஒரே வயது, ராத்திரி பத்து மணி வரை ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்தால் டா வராமல் என்ன செய்யும். சிக்கல் ஆறாவது ஆள் வரும்போது. அது ஒரு பெண்ணாகவோ நாற்பது வயதுக்காரராகவோ இருந்தால் ஐந்து பேரும் தங்களுக்குள் டா, அவரிடம் மட்டும் மரியாதையாக நீங்க. மரியாதைதான், மறுக்கவில்லை, ஆனால் முக்கியமான பேச்செல்லாம் டா வட்டத்துக்குள் முடிந்துவிடும், நீங்கவுக்குத் தகவல் மட்டும் வந்து சேரும்.

இதைவிடப் பெரிய தப்பு கீழே இருப்பவரிடம் நடக்கிறது. காவலாளி, துப்புரவு வேலை செய்யும் அம்மா, ஓட்டுநர். இருபத்துமூன்று வயதுப் பையன் அறுபது வயதுக்காரரிடம் “அண்ணா, ரெண்டு டீ வாங்கிட்டு வா” என்கிறான். அண்ணா போட்டாயிற்றே என்று அவனுக்கு நிம்மதி. அந்த அண்ணா எதையும் காப்பாற்றவில்லை, வால் ‘நீ’தான். நம் கிராமங்களில் ஆதிக்கச் சாதி வீட்டுச் சின்னப் பிள்ளை, வயலில் வேலை செய்யும் தாத்தா வயதுக்காரரைப் பெயர் சொல்லி வா, போ என்று கூப்பிட்ட காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை, அவர் அந்தப் பிள்ளையை ‘வாங்க சின்னய்யா’ என்றார். அந்த நீயைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அலுவலக நீயும் அதே நீதான். நான் வைத்திருக்கும் சோதனை சின்னது: அவர் அதே வாலை அப்படியே எனக்குத் திருப்பினால், ‘தம்பி, நீயே போய் வாங்கிட்டு வா’ என்றால், எனக்குச் சுருக்கென்று இருக்குமா? இருக்கும் என்றால் நான் சொன்னதும் சரியில்லை.

இன்னும் முடிவு செய்ய முடியவில்லை, ஆள் யாரென்றே பிடிபடவில்லை என்றால் தமிழில் ஒரு சந்து இருக்கிறது. சில வினைகளுக்கு வாலே கிடையாது. ‘வேணும்’, ‘தெரியும்’, ‘பிடிக்கும்’, ‘முடியும்’ எல்லாம் ‘நீ’க்கும் ‘நீங்க’வுக்கும் ஒன்றுதான். ‘போகலாமா’, ‘கூடாது’, ‘வந்தாச்சா’ இவையும் அப்படியே. பேச்சில் ‘வரலையா’, ‘சாப்பிடலையா’ என்று எதிர்மறையில் கேட்டாலும் வால் தெரியாது. “சாப்பாடு ஆச்சா? இன்னும் கிளம்பலையா? காபி வேணுமா? எந்த ஊரு?” இப்படியே பத்து நிமிடம் ஓட்டலாம், ஓட்டியிருக்கிறேன். கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சித்தப்பா முறையா தம்பி முறையா என்று தெரியாதபோது இதுதான் கைகொடுக்கும். கேட்டு வாங்க வேண்டிய இடத்தில்தான் சந்து மூடிவிடும், ‘கொடு’ அல்லது ‘கொடுங்க’ சொல்லியாக வேண்டும். அங்கேயும் ‘அந்தச் சாம்பார் கொஞ்சம் கிடைக்குமா’ என்று நழுவலாம், ஆனால் ஒருவரிடம் மூன்று தடவை நழுவினால் அவருக்கே புரிந்துவிடும்.

கோயம்புத்தூரில் இந்தச் சந்தும் அடைபட்டது. கொங்குத் தமிழில் ‘ங்க’ வினைக்கு மட்டும் வருவதில்லை, எதோடு வேண்டுமானாலும் வந்து ஒட்டும்: ஆமாங்க, இல்லீங்க, ஏனுங்க, ஆச்சுங்களா. ‘சாப்பாடு ஆச்சா’ என்று நான் நடுநிலையாகக் கேட்பதாக நினைத்துக் கேட்டால், அந்தக் காதுக்கு ‘ங்களா’ விடுபட்டது கேட்கிறது. வந்த புதிதில் என் வீட்டுக்காரரிடம், அதாவது வாடகை வீட்டின் சொந்தக்காரரிடம், “தண்ணி வரலையே” என்று சொன்னேன். அவர் “வரலீங்களா” என்று திருத்துகிற மாதிரி நிதானமாகத் திருப்பிச் சொன்னார். திருத்தினாரா, இயல்பாகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது, நான் அன்றைக்கே ங்க பழகிவிட்டேன்.

கடைக்கு வருவோம். இங்கே ஊர்தான் முதலில். கோவையில் பெட்டிக்கடைக்காரர்கூட ‘சொல்லுங்ணா’ என்பார், அங்கே போய் ‘ஒரு தீப்பெட்டி கொடு’ என்றால் கடையே ஒரு நொடி நின்றுவிடும். சென்னையில் ‘வாப்பா, இன்னா வேணும்’ என்று கேட்பவர் நம்மை மட்டம் தட்டவில்லை, அவருடைய சொந்தத் தம்பியையும் அப்படித்தான் கேட்கிறார். எங்கள் ஊரில் மளிகைக்கடை என்றால் ‘அண்ணாச்சி’, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம், நீங்க தானாக வந்துவிடும். வெளியூரில் வாங்குபவராகப் போனால் என் வழக்கம், அவர்கள் எப்படிப் பேசினாலும் நான் ‘போடுங்க’, ‘கொடுங்க’தான். வாரச்சந்தையில் கீரை விற்கும் பாட்டி, “என்ன கண்ணு வேணும், முருங்கை பாரு, காலையில பறிச்சது” என்று நீயில்தான் பேசும், அந்த வயதுக்கு அந்த உரிமை உண்டு. அதற்காக நானும் “என்ன விலை சொல்ற” என்று இறங்கினால் அது பேரம் இல்லை, அதிகாரம். “என்ன விலைங்க பாட்டி” என்றால் ஒரு கட்டு சேர்ந்தே வரும், சில நாள்.

கடைக்காரர் பக்கம் நின்று பார்த்தால் வால் பிரச்சினை இல்லை, வாங்க வந்தவர் யாராக இருந்தாலும் ‘வாங்க’தான். அவர்களுக்குக் கூப்பிடும் சொல்தான் கண்ணிவெடி. மருந்துக்கடைப் பையன் ஒருவன் என் மனைவியை “ஆன்ட்டி, சில்லறை இருக்குங்களா” என்றான். ங்களா எல்லாம் சரியாகத்தான் போட்டான். அவளுக்கு அப்போது முப்பத்துநான்கு. அதற்குப் பிறகு மாத்திரைக்கு நாங்கள் இரண்டு தெரு தள்ளிப் போகிறோம். அக்கா என்றிருந்தால் ஒன்றுமில்லை, மேடம் என்றிருந்தால் இன்னும் நல்லது, எதுவுமே சொல்லாமல் ‘சில்லறை இருக்குங்களா’ என்றிருந்தால் அதுவே போதும். வயதைக் கணிக்கும் சொல்லைத் தவிர்ப்பதுதான் கல்லாவில் நிற்பவருக்குப் பாதுகாப்பு. வாங்குபவர் பக்கம் இதற்கு நேர்மாறாக ஒன்று நடக்கிறது. ஆட்டோவில் தனியாக ஏறும் பெண்கள் முதல் வாக்கியத்திலேயே “அண்ணா, கொஞ்சம் சீக்கிரம் போங்கண்ணா” என்பார்கள். ஓட்டுபவர் அவர்களைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம். அங்கே அண்ணா வயதைச் சொல்லவில்லை, எல்லையைச் சொல்கிறது.

நண்பர்கள் விஷயத்தில் பெரிதாக முடிவெடுக்க ஒன்றுமில்லை, பள்ளி கல்லூரியில் கிடைத்தவர்கள் நீ, முப்பதுக்கு மேல் கிடைத்தவர்கள் நீங்க, அவ்வளவுதான். எனக்கு ஆறு வருடமாக ஒரு நண்பர் இருக்கிறார், வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவேன், இன்னும் நீங்கதான். யார் முதலில் இறங்குவது என்று தெரியாமலே காலம் போய்விட்டது. யாழ்ப்பாணத் தமிழில் இதற்கு ஒரு நடுப்படி உண்டு: நீர். ‘நீர் எப்ப வந்தனீர்? இரும்’ என்றால் நீ அளவுக்கு இறக்கமும் இல்லை, நீங்கள் அளவுக்கு ஏற்றமும் இல்லை. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடமும் ‘வாரும்வே’ இருந்தது, என் தாத்தா தன் கூட்டாளியை அப்படித்தான் கூப்பிடுவார். எங்கள் தலைமுறை அதைக் கேலிக்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றபடி கைவிட்டது. அந்த நடுப்படி கையில் இருந்திருந்தால் என் விடுதி நண்பனை அலுவலகத்தில் கூப்பிட அதுவே போதுமாக இருந்திருக்கும்.

அவன் கதைக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் எங்கேயும் நீங்க என்று முயன்றோம். தாங்க முடியவில்லை, இரண்டு பேரும் நாடகத்தில் நடிப்பது போல் இருந்தது, டீக்கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டோம். அப்புறம் எங்கேயும் நீ. அதில் நாங்கள் சௌகரியமாக இருந்தோம், மற்றவர்கள் இல்லை. அவன் வேலை தாமதமானபோது கூட்டத்தில் நான் “ஏம்ல, இன்னைக்கு முடிச்சிருவியா” என்று கேட்டேன், அடுத்து இன்னொருவரிடம் “நீங்க ஏன் இன்னும் முடிக்கலை” என்று கேட்டேன். இரண்டும் ஒரே கேள்விதான், ஆனால் முதலாவது செல்லமாகவும் இரண்டாவது விசாரணையாகவும் அறையில் விழுந்தது. அவர் பிறகு என்னிடம் வந்து நேராகவே சொன்னார்.

கடைசியில் நின்றது இது: மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தாலும் அலுவலகத்துக்குள் எல்லோருக்கும் பெயரும் நீங்கவும், அவனுக்கும் அதுவே. நாங்கள் இருவர் மட்டும் என்றால் பழைய ‘ல’. அவன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசும்போது ‘அவர்’. இந்தக் கடைசிதான் எல்லோரும் மறப்பது. நேரில் நீங்க போட்டுவிட்டு, வாடிக்கையாளர் தொலைபேசியில் இருக்கும்போது ‘அவன் அனுப்பிருவான்’ என்று சொன்னால் அவன் வேலைக்கு அங்கே என்ன மதிப்பு மிஞ்சும்? வாட்ஸப்பிலும் குழுவில் நீங்க, தனியாக ல, இதில் இரண்டு தடவை இடம் மாறி அனுப்பி மாட்டிக்கொண்டோம்.

நான் ஓரளவு பழகிவிட்டேன், அவனுக்குத்தான் நாக்கு புரளவில்லை. போன வாரக் கூட்டத்தில் நான் ஒரு தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவன் வேகமாக நிமிர்ந்து, “ஏலே…” என்று ஆரம்பித்து, எட்டுப் பேர் முகத்தையும் ஒரு தடவை பார்த்து, “…ங்க, அது பதினெட்டாம் தேதி” என்று முடித்தான். இப்போது எங்கள் குழுவில் யாராவது தப்பு செய்தால் அவர் மேடமாக இருந்தாலும் சாராக இருந்தாலும் ‘ஏலேங்க’தான்.